போகும் நாள் தெரியும், திரும்பும் நாள் தெரியாது: சிகிச்சைப் பயணத்துக்கு எந்த விமான டிக்கெட்?

பெரியப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய். மும்பை பரேலில் உள்ள டாடா மெமோரியல் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு நாள் கிடைத்தது. சேர வேண்டிய தேதி மட்டும் உறுதி. வீடு திரும்பப் பதினெட்டு நாளும் ஆகலாம், முப்பத்தைந்து நாளும் ஆகலாம் என்றார் மருத்துவர். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள எங்கள் கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் டிக்கெட் எடுத்துத் தருபவரிடம் போனதும் அவர் சொன்னது: “போக வர சேர்த்தே எடுத்துவிடுங்கள். தேதியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.”

மாற்றிக்கொள்ளலாம் என்பது உண்மைதான். என்ன விலைக்கு என்பதைத்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. போக வர சாதாரணக் கட்டண டிக்கெட் ஒன்று. தேதி மாற்றக் கட்டணம் இல்லாத, சற்று விலை கூடிய டிக்கெட் இரண்டாவது. போவதற்கு மட்டும் டிக்கெட் எடுத்துவிட்டு, திரும்பும் நாள் தெரிந்த பிறகு மற்றதை எடுப்பது மூன்றாவது. வெளிநாட்டுப் பயணத்தில் போக வர சேர்த்து எடுத்தால் விலை குறைவது உண்டு. உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் அப்படிக் குறைவதில்லை. இரண்டு தனி டிக்கெட்டுகளின் கூட்டுத்தொகைதான் வரும். ஆகவே முதல் வழியின் ஒரே லாபம், திரும்பும் டிக்கெட்டை முன்கூட்டியே மலிவாக வாங்குவது.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். மும்பையிலிருந்து கோவைக்கு ஒரு மாதம் முன்னால் எடுத்தால் ஆளுக்கு 5,000 ரூபாய், இரண்டு மூன்று நாள் முன்னால் எடுத்தால் 7,500. தேதி மாற்றக் கட்டணம் ஆளுக்கு 3,000. கட்டணமில்லாமல் மாற்றக்கூடிய டிக்கெட் 5,900.

முதல் வழியில், சொன்ன தேதியிலேயே திரும்பினால் பெரியப்பா, துணைக்கு ஒருவர் என இருவருக்கும் திரும்பும் செலவு 10,000 ரூபாயோடு முடிந்தது. தேதி மாறினால் மாற்றக் கட்டணம் 3,000 மட்டும் கட்டினால் போதாது. புதிய நாளின் விலைக்கும் பழைய விலைக்கும் உள்ள வித்தியாசம் 2,500-ஐயும் கட்ட வேண்டும். ஆளுக்கு 10,500, இருவருக்கு 21,000. கடைசியில் புதிதாக எடுத்திருந்தால் 15,000-தான். தேதி நின்றால் 5,000 மிச்சம், ஒரு முறை மாறினால் 6,000 நஷ்டம், இரண்டாம் முறை மாறினால் மாற்றக் கட்டணமாகவே இன்னொரு 6,000. அறுவை சிகிச்சைக்குப் போகிற யாருக்கும் இந்தப் பந்தயம் தேவையில்லை.

இரண்டாவது வழியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ‘இலவசத் தேதி மாற்றம்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். இலவசமாவது அந்த 3,000 மட்டுமே. விலை வித்தியாசம் இங்கேயும் உண்டு. ஆளுக்கு 5,900-உடன் 2,500 சேர்ந்து 8,400, இருவருக்கு 16,800. ஓணத்தை ஒட்டிய நாளுக்கோ தீபாவளிக்கோ மாற்ற நேர்ந்தால் வித்தியாசமே பல ஆயிரம் போகும். அதிலிருந்து இந்த டிக்கெட் காப்பாற்றாது. புறப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்புவரை இலவசமாக மாற்றலாம் என்ற வரம்பும் விமான நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். அதைப் படிக்காமல் பணம் கட்டக் கூடாது.

மூன்றாவது வழிதான் எங்களுக்குப் பொருந்தியது. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர் சொன்ன அன்றே டிக்கெட் எடுத்து மறுநாள் ஏறிவிட முடியாது. அறுவை சிகிச்சை முடிந்து சில நாட்களே ஆனவரிடம், பறக்கத் தகுதியானவர் என்ற மருத்துவச் சான்றை விமான நிறுவனம் கேட்கும். நோயாளியின் நிலையைப் பொறுத்து, மருத்துவர் நிரப்ப வேண்டிய தனிப் படிவமும் உண்டு. அதை நிறுவனத்தின் மருத்துவப் பிரிவு முன்கூட்டியே பார்த்து அனுமதிக்க வேண்டும். பெரியப்பா மூக்குவழி உணவுக் குழாயோடு திரும்பினார். படிவம் அனுப்பிப் பதில் வர இரண்டு நாள் ஆனது. சான்றில் பயணத் தேதியையும் குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். பழைய தேதியிட்ட சான்றை விமான நிலையத்தில் ஏற்காமல் போகலாம்.

அதனால் நாங்கள் செய்தது இது. போகும்போது ஒருவழி டிக்கெட். இருபதாம் நாள் வடிகுழாயை எடுத்துவிட்டு, “காயம் ஆறுகிறது, இன்னும் ஒரு வாரத்துக்குள் போகலாம்” என்று மருத்துவர் சொன்ன பிறகே திரும்பும் டிக்கெட். அதுவும் கட்டணமில்லாமல் தேதி மாற்றக்கூடியது. ஒரு மாத இழுபறிக்கு உதவாத அந்த டிக்கெட் மூன்று நான்கு நாள் இழுபறிக்கு நன்றாக உதவும். அவ்வளவு நெருங்கிய நாட்களுக்குள் விலை வித்தியாசம் பொதுவாகச் சிறியது. தையலில் ஒரு பக்கம் சீழ் பிடித்து, ஒரு முறை தேதியைத் தள்ளினோம். இருபத்தாறாம் நாள் வீடு சேர்ந்தோம்.

துணைக்குப் போகிறவரின் டிக்கெட்டைத் தனியாக யோசிக்க வேண்டும். முதல் பரிசோதனைக்குப் போனபோது ஒரு செயலி வழியாக இருவருக்கும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் போக வர எடுத்திருந்தோம். பெரியம்மா நடுவில் ஊர் திரும்ப வேண்டி வந்தது. அவருடைய தேதியை மட்டும் மாற்ற வேண்டுமென்றால் முதலில் அந்த எண்ணை இரண்டாகப் பிரிக்க வேண்டும். விமான நிறுவனம் செயலியைக் கைகாட்டியது. செயலிக்காரர்கள் இரண்டு நாள் அலைக்கழித்து, தங்கள் பங்குக்கும் ஒரு கட்டணம் பிடித்தார்கள். பெரியம்மாவின் டிக்கெட்டில் அண்ணன் வரவும் வழியில்லை, ஒருவர் டிக்கெட்டை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. ஆகவே போகும்போது ஒரே எண்; பக்கத்து இருக்கை கிடைக்கும், விமானம் ரத்தானால் இருவரையும் சேர்த்தே வேறு விமானத்துக்கு மாற்றுவார்கள். துணை மாறக்கூடும் என்றால் திரும்பும்போது தனித்தனி எண்கள். எதுவானாலும் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே எடுங்கள்.

பயன்படாமல் போன டிக்கெட்டை அப்படியே விட்டுவிட வேண்டாம். பணம் திரும்பாத டிக்கெட்டாக இருந்தாலும், ரத்து செய்தால் அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. புறப்படும் நேரத்துக்கு முன்பே ரத்து செய்துவிடுவது நல்லது.

விமான நிலையத்தைப் பொறுத்தவரை எங்களுக்கு ஒரே பதில் கோவைதான். கொச்சியிலிருந்து விமானங்கள் அதிகம், விலையும் சில நாட்களில் குறையும். ஆனால் தையல் போட்ட கழுத்தோடு குதிரான் வழியாக மூன்று மணி நேரம் காரில் உட்காருவதைவிட, வேலந்தாவளம் தாண்டிச் சீக்கிரம் வந்து சேர்வது மேல்.

சக்கர நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். விமான நிறுவனங்களின் குறியீட்டில் `WCHR` என்றால் படி ஏறுவார், நெடுந்தூரம் நடக்க மாட்டார். `WCHS` என்றால் படியும் ஏற மாட்டார். `WCHC` என்றால் இருக்கைவரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். போகும்போது பெரியப்பாவுக்கு முதலாவது போதுமாக இருந்தது. திரும்பும் டிக்கெட்டிலும் அதையே போட்டுவிடப் பார்த்தேன். அண்ணன்தான் இரண்டாவதாக மாற்றச் சொன்னான். விமானத்துக்குப் பஸ்ஸில் கொண்டுபோய் ஏணிப்படி அருகே இறக்கினார்கள். அந்தப் படிகளை அவரால் ஏறியிருக்க முடியாது.

அடுத்த மாதம் மறுபரிசோதனை. ஒரு நாள் பார்த்துவிட்டு மறுநாள் திரும்பிவிடலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு மட்டும் போக வர சாதாரண டிக்கெட்டை இப்போதே எடுத்துவிட்டோம்.