சீரற்ற கோலின் திணிவு: முனைச் சராசரியா, தொகையீடா?

கிளிநொச்சிப் பக்கம் உயர்தர இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளைகள் பலர், சீரற்ற கோல் என்றதும் இரு முனை அடர்த்திகளின் சராசரியை நீளத்தால் பெருக்கிவிடுகிறார்கள். மற்ற வழி தொகையீடு.

2 மீற்றர் கோல் ஒன்றை எடுப்போம். ஒரு முனையிலிருந்து x மீற்றரில் அதன் ஓரலகு நீளத் திணிவு λ = 2 + 3x² (கிலோ/மீற்றர்). முனைகளில் 2, 14, சராசரி 8, திணிவு 16 கிலோ. சட்டென்று முடிந்துவிடும், ஆனால் பிழை.

தொகையீட்டில் dx நீளச் சிறு துண்டை எடுக்கிறோம். அதற்குள் அடர்த்தி மாறவில்லை என்றே கொள்ளலாம். அதன் திணிவு λ dx.

M = ∫₀² (2 + 3x²) dx = [2x + x³]₀² = 12

4 கிலோ எங்கே போனது? நடுவில், x = 1 இல், அடர்த்தி 8 அல்ல, 5 தான். கோலின் பெரும்பகுதி இலேசு. பாரம் கடைசிப் பக்கம் குவிந்திருக்கிறது. சராசரிக்கு அது தெரியாது.

λ = 2 + 6x என்றால் முனைகள் அதே 2, 14. இங்கே இரண்டு வழியிலும் 16 தான் வரும், ஏனென்றால் அடர்த்தி நேர்கோடாக ஏறுகிறது. அப்படியானால் மட்டும் சராசரியை நம்பலாம்; மற்றபடி என் தெரிவு தொகையீடுதான். ஒன்று கவனம்: x மறுமுனையிலிருந்து அளக்கப்பட்டால் λ இல் x இருக்கும் இடத்தில் 2 − x வரவேண்டும்.