"உடையவே உடையாத ஃபைபர் பிடி": சம்மட்டி வாங்கப் போகிறவர்கள் கவனிக்க

ஹார்டுவேர் கடைகளில் மஞ்சளும் கறுப்புமாகப் பளபளக்கும் பிடி போட்ட சம்மட்டிகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பழைய வீடுகளை இடித்துப் புதுப்பிக்கும் வேலை எனக்கு. "ஃபைபர் பிடிண்ணே, உடையவே உடையாது" என்று சொல்லி, அப்படி ஒன்றை எங்கள் ஊர்க் கடையில் என் தலையில் கட்டிவிட்டார்கள். ஐந்து கிலோ சம்மட்டி. மரப்பிடி போட்டதைவிட 300 ரூபாய் கூடுதல்.

ஒரு பாத்ரூம் தளத்தை உடைக்கும்போது, ஓங்கிப் போட்ட ஒரு அடியில் பிடி முறிந்தது. இரும்புத் தலை பறந்துபோய்ச் சுவரோரம் இருந்த சாந்துச் சட்டியை நசுக்கியது. கல் பொறுக்கிக்கொண்டிருந்த பையன் அப்போதுதான் அங்கிருந்து எழுந்து போயிருந்தான்.

முறிந்த இடத்தைப் பார்த்தால் உள்ளே வெறும் பொந்து. கண்ணாடி இழை மருந்துக்குக்கூட இல்லை. தடித்த பிளாஸ்டிக் குழாய். தலைக்குள் நுழைகிற பக்கம் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு இரும்புக் குழாய்த் துண்டு, சுற்றிலும் பசை. அந்த இரும்புத் துண்டு எங்கே முடிகிறதோ, சரியாக அங்கேதான் முறிந்திருக்கிறது. விறைப்பான இரும்பும் வளைகிற பிளாஸ்டிக்கும் சேரும் இடத்தில்தான் ஒவ்வொரு அடியின் அழுத்தமும் குவியும்.

நிஜமான ஃபைபர்கிளாஸ் பிடியில் நடுவே கெட்டியான தண்டு இருக்கும். கண்ணாடி இழைகளை நீளவாக்கில் நெருக்கமாக அடுக்கி, பிசினில் இறுக்கிச் செய்தது அது. மேலே இருக்கும் ரப்பரோ பிளாஸ்டிக்கோ உறை மட்டும்தான். இந்தப் பிடி போகும்போதும் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் போகும்: அடி தவறிப் பிடியில் பட்ட இடம் வெளுக்கும், இழைகள் மயிர் மாதிரிச் சிலும்பும். கை வைத்தால் அரிக்கும். அந்த நிலையில் தூக்கிப் போட்டுவிட வேண்டும். தலை ஆட ஆரம்பித்தாலும் அப்படித்தான். பிசினால் ஒட்டிய தலைக்கு மரத்துக்கு அடிப்பதுபோல ஆப்பு அடித்து இறுக்க முடியாது.

கடையிலேயே கண்டுபிடிக்கலாம். சம்மட்டித் தலையின் மேல்துளையைப் பாருங்கள். பிசினுக்கு நடுவே தண்டின் முனை கெட்டியாகத் தெரிய வேண்டும். பிளாஸ்டிக் மூடி வைத்து மறைத்திருந்தால் வாங்காதீர்கள். பிடியைத் தட்டினால் குழாய்ச் சத்தம் வந்தாலும் வேண்டாம்.

கடைக்காரரிடம் துண்டுகளோடு போய்க் கேட்டேன். "ஃபைபர்னுதானே சொன்னேன், கிளாஸ்னு சொல்லலையே!" என்றார். அப்புறம் சமாதானமாக, அதே தலைக்கு மரப்பிடி போட்டுத் தந்தார், அதற்கும் 150 ரூபாய் வாங்கிக்கொண்டு. சிவப்புப் பெயின்ட் அடித்த பிடி. வீட்டில் சுரண்டிப் பார்த்தால் ஒரு கணுவை மக்கு வைத்து அடைத்திருக்கிறார்கள், அதன் பக்கத்தில் ரேகை குறுக்காக ஓடுகிறது.

மரப்பிடியில் பார்க்க வேண்டியது அந்த ரேகையைத்தான். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அது பிடியோடு சேர்ந்தே ஓட வேண்டும். பாதியில் பக்கவாட்டில் வெளியேறினால், அந்தச் சரிவிலேயே பிளந்துகொள்ளும். அதனால் பெயின்ட் அடித்த பிடியை வாங்கவே வாங்காதீர்கள். கருவேலம், புளி போன்ற கெட்டி மரத்தில் நேர் ரேகைப் பிடி கிடைத்தால் எனக்கு அதுதான் முதல் தேர்வு. அடியின் அதிர்வை மரம் தன்னுள் வாங்கிக்கொள்ளும், வியர்த்த கையிலும் வழுக்காது. வெயில் காலத்தில் மரம் சுருங்கித் தலை ஆடும், உண்மைதான். ஆனால் அதைத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். ஊறி உப்பும் மரம் இரும்போடு நசுங்கி, காய்ந்ததும் முன்னைவிடத் தளரும். ஆப்பு அடிப்பதுதான் சரி.

இரும்புக் குழாய்ப் பிடி போட்ட மண்வெட்டியையும் அதே கடையில் "ஆயுசுக்கும் உழைக்கும்" என்று விற்கிறார்கள். குழாய் உடையாது, ஆனால் தலையோடு பற்றவைத்த இடம் விடும். பற்றைச் சுற்றிப் பெயின்டில் மயிரிழைக் கீறலும் துருக்கோடும் தெரிந்தால் அது கிளம்பிவிட்டது என்று அர்த்தம். அதைவிடத் தொல்லை அதிர்வு. மண்ணுக்குள் ஒரு கல்லில் பட்டால் முழங்கைவரை சுரீர் என்கும். நாள் முழுக்க வெட்டினால் விரல் மரத்துப் போகிறது. மேலே மாட்டிய ரப்பர் உறை வியர்வையில் சுழல்கிறது, அதனால் வெட்டு கோணலாக விழுகிறது. மின்கம்பி புதைத்த இடத்தில் அதைக் கொண்டு தோண்டவே கூடாது.

இன்னொன்று, பில். என் பில்லில் "சம்மட்டி 1" என்று மட்டும் இருந்தது. அதைக் காட்டித்தான் பணம் திருப்பித் தர மாட்டேன் என்றார். "ஃபைபர்கிளாஸ் பிடி" என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.