டிக்கெட் எண்ணை எங்கே வைப்பது: சப்ஜெக்டிலா, ஹெடரிலா, முகவரியிலா?

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, கோலாலம்பூரில் இருக்கிற சின்னக் கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் கம்ப்யூட்டர், பிரிண்டர், வைஃபை எல்லாம் பார்த்துக் கொடுக்கிறோம். ஒரு நாள் செந்தூலில் இருக்கிற கிளினிக்கிலிருந்து போன். "அண்ணே, யாரோ ஒரு கம்பெனியோட கடன் பாக்கி கணக்கை எங்களுக்கு எதுக்கு அனுப்பியிருக்கீங்க?" என்று கவுன்டர் அக்கா கேட்டபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. டிக்கெட்டைத் திறந்து பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது.

நடந்தது இதுதான். வாடிக்கையாளரின் ஒவ்வொரு பிரச்சினைக்கும் ஒரு டிக்கெட் திறந்து, அதன் எண்ணை மெயில் சப்ஜெக்டில் ஒரு டேக்காகப் போடுவோம், அப்போது அது வெறும் `[#4417]` என்ற வடிவத்தில் இருந்தது. 4417 என்பது கிளினிக்கின் வைஃபை டிக்கெட். ஜாலான் ஈப்போ பக்கம் இருக்கிற இன்னொரு வாடிக்கையாளர் கம்பெனி தங்கள் ஊழியர்களின் புகார்களுக்கென்று சொந்தமாக ஒரு டிக்கெட் மென்பொருள் வைத்திருக்கிறது. அதுவும் அதே மாதிரி `[#எண்]` என்றுதான் போடும். அவர்கள் பக்கத்து 4417, கணக்குப் பிரிவின் இன்வாய்ஸ் பிரிண்ட் ஆகாத பிரச்சினை. அதை அப்படியே எங்களுக்கு ஃபார்வர்டு செய்தார்கள், இன்வாய்ஸ் பட்டியலோடு. எங்கள் சிஸ்டம் சப்ஜெக்டில் 4417 பார்த்தது, கிளினிக் டிக்கெட்டில் ஒட்டியது, டிக்கெட்டில் புதுசாக வந்ததை அதன் சொந்தக்காரருக்கு ஒரு காப்பி அனுப்பும் வழக்கப்படி கிளினிக்குக்கே அனுப்பியும் விட்டது. தப்பு முழுக்க எங்களுடையது. வெறும் எண் என்பது யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளக்கூடிய பெயர்.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து மூன்று வழிகளையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தோம். வாடிக்கையாளரின் பதில் எந்த டிக்கெட்டைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்க ஒன்று சப்ஜெக்டில் டேக், இரண்டாவது மெயிலின் உள்ளே ஓடும் `In-Reply-To`, `References` ஹெடர்கள், மூன்றாவது டிக்கெட்டுக்குத் தனியாக ஒரு பதில் முகவரி, அதாவது `support+t4417@example.com` மாதிரி.

ஹெடர் வழிதான் கேட்பதற்கு ரொம்ப நேர்த்தி. ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு `Message-ID` உண்டு. வாடிக்கையாளர் ரிப்ளை அழுத்தினால் அவருடைய மெயில் மென்பொருள் அந்த ஐடியை `In-Reply-To`-வில் போட்டு, `References`-இலும் சேர்த்துவிடும். மனிதர் கை படாத இடம். சப்ஜெக்டை முழுக்க அழித்துவிட்டு "அவசரம்!!!" என்று எழுதினாலும் இது தப்பிக்கும். ஆனால் இரண்டு இடத்தில் கால் வாரும். முதலாவது, நாம் அனுப்பும் வழியிலேயே ஐடி மாறிப்போவது. அமேசானின் எஸ்இஎஸ் போன்ற அனுப்பும் சேவைகள் நாம் போட்ட `Message-ID`-யைத் தூக்கிவிட்டுத் தங்களுடையதை வைத்துவிடும். பதில் அந்தப் புது ஐடியைச் சொல்லிக்கொண்டு வரும், நம் டேட்டாபேஸில் பழைய ஐடி இருக்கும், பொருந்தாது. இதற்கு ஒரு நல்ல தந்திரம் உண்டு: வெளியே போகும் மெயிலின் `References`-இலேயே டிக்கெட்டுக்கென்று நிரந்தரமாக ஒரு ஐடியைச் சொருகிவிடுவது. பதில் எழுதும் மென்பொருள் மூல மெயிலின் `References`-ஐ எடுத்து, அதோடு அதன் `Message-ID`-யைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் மெயிலின் வடிவத்தை வரையறுக்கும் ஆர்எஃப்சி 5322 சொல்லும் முறை, அதனால் நாம் சொருகியது திரும்பி வரும்.

இரண்டாவது இடத்துக்கு இப்படித் தந்திரம் எதுவும் இல்லை. நம்ம ஊர் முதலாளிகள் யாரும் ரிப்ளை அழுத்துவதில்லை! நாங்கள் அனுப்பியதைப் பார்த்துவிட்டு அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் மேனேஜருக்கு அனுப்புவார், மேனேஜர் புதுசாக ஒரு மெயில் எழுதி "4417 பத்தி" என்று ஆரம்பிப்பார். புது மெயிலுக்கு ஹெடர் நூல் எங்கிருந்து வரும்? இங்கேதான் சப்ஜெக்ட் டேக் ஜெயிக்கிறது. போனில் வாசிக்கலாம், தாளில் எழுதிக்கொள்ளலாம், புது மெயிலில் கையால் தட்டலாம். மூன்றில் இது ஒன்றுதான் மனிதர் கண்ணுக்கும் மெஷினுக்கும் ஒரே நேரத்தில் தெரிகிறது.

தனி முகவரி வழியை நான் முதலில் ரொம்ப நம்பினேன். சப்ஜெக்ட் மாறட்டும், ஹெடர் தொலையட்டும், முகவரி மாறினால் மெயிலே வந்து சேராது, அப்புறம் என்ன கவலை என்று. எண்ணுக்குப் பின்னால் ஊகிக்க முடியாத நாலைந்து எழுத்துகளைச் சேர்த்துவிட்டால் வெளியாள் சும்மா எண்ணை மாற்றிப் போட்டு வேறொருவர் டிக்கெட்டுக்குள் நுழையவும் முடியாது. ஆனால் எனக்குத் தோன்றாத ஒன்று, மெயில் மென்பொருளின் தானாக நிரப்பும் முகவரிப் பட்டியல். மஸ்ஜித் இந்தியாவில் நகைக்கடை வைத்திருக்கிற ஐயா ஒருவர் `sup` என்று தட்டினாலே பழைய டிக்கெட்டின் முகவரி வந்து நிற்கும், அவர் பாட்டுக்கு அதையே தேர்ந்தெடுப்பார். சிசிடிவி, ஸ்கேனர், புது ஊழியருக்கு மெயில் கணக்கு என்று வெவ்வேறு வேலைகள் எல்லாம் மூடிப்போன ஒரே பிரிண்டர் டிக்கெட்டின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்திருந்தன. மூடிய டிக்கெட்டை யார் திறந்து பார்ப்பது? ஐயா நேரில் வந்து கேட்டபோதுதான் தெரிந்தது.

(பழைய மெயிலைத் தேடி எடுத்து ரிப்ளை போட்டுப் புதுப் பிரச்சினையைச் சொல்வதும் இதே வியாதிதான், அதில் மூன்று வழியும் சேர்ந்தே தோற்கும். அதற்கு மருந்து வேறு: மூடி இத்தனை நாள் ஆன டிக்கெட்டுக்குப் பதில் வந்தால் புது டிக்கெட் திற, பழையதற்கு ஒரு இணைப்பு மட்டும் வை. நாங்கள் 14 நாள் வைத்திருக்கிறோம்.)

சரி, டேக்கைத்தான் வைத்துக்கொள்வது என்றால் எப்படி எழுதுவது? எண்ணோடு நம் பெயர் இருக்க வேண்டும். எங்கள் டேக் இப்போது `[kldesk #4417]`. ரிக்வெஸ்ட் டிராக்கர் என்கிற ஆர்டி டிக்கெட் மென்பொருளில் இருப்பதும் இந்த வடிவம்தான், பெயரை `$rtname` கொடுக்கும். இரண்டு டிக்கெட் சிஸ்டம்கள் ஒன்றுக்கொன்று மெயில் எழுதிக்கொண்டாலும் சப்ஜெக்டில் இரண்டு டேக்கும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், ஒவ்வொன்றும் தன்னுடையதை மட்டும் படிக்கும். டேக்கை முன்னால் வையுங்கள். பின்னால் வைத்தால், நீளமான சப்ஜெக்டை ஏதாவது ஒரு மென்பொருள் வெட்டும்போது முதலில் போவது அதுதான். `[EXTERNAL]` மாதிரி எதையாவது வாடிக்கையாளர் பக்கத்து மெயில் சர்வர் அதற்கும் முன்னால் ஒட்டும், `Re:` வரும், `Fwd:` வரும். அதனால் டேக் சப்ஜெக்டின் முதல் எழுத்திலேயே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற மாதிரி ரெஜெக்ஸ் எழுதாதீர்கள்.

பெயரை மாற்றும்போதுதான் பலர் மாட்டுகிறார்கள். வெறும் எண்ணுக்குப் பிறகு நாங்கள் முதலில் வைத்த பெயர் `helpkl`, அதிலிருந்து `kldesk`-க்கு மாறினோம், மாறிய அன்றிலிருந்து பழைய டிக்கெட்டுகளுக்கு வந்த பதில் ஒவ்வொன்றும் புது டிக்கெட்டாகத் திறந்துகொண்டது. ஆர்டியில் பழைய பெயரையும் ஏற்றுக்கொள்ளச் சொல்ல வேண்டும்:

```
Set($rtname, 'kldesk');
Set($EmailSubjectTagRegex, qr/(?:kldesk|helpkl)/i);
```

அந்த `?:` முக்கியம். வெறும் அடைப்புக்குறி போடாமல் இந்த மாதிரிதான் எழுத வேண்டும் என்று ஆர்டியின் ஆவணமே சொல்கிறது.

அப்புறம் தமிழில் சப்ஜெக்ட் எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. மெயில் ஹெடரில் தமிழ் நேராகப் போகாது, பெரும்பாலும் பேஸ்64-ஆக மாற்றி அனுப்பப்படும், அப்படி மாற்றும்போது பல மென்பொருள்கள் பக்கத்தில் இருக்கிற ஆங்கில எழுத்தையும் சேர்த்தே மாற்றிவிடும். `[kldesk #4417] பில்` என்ற சப்ஜெக்ட் கம்பியில் இப்படித்தான் வந்தது:

```
Subject: =?UTF-8?B?W2tsZGVzayAjNDQxN10g4K6q4K6/4K6y4K+N?=
```

இதற்குள் 4417 எங்கே என்று கண்ணால் தேடினால் கிடைக்காது, ரெஜெக்ஸுக்கும் கிடைக்காது. பெரிய டிக்கெட் மென்பொருள்கள் முதலில் டீகோட் செய்துவிட்டுத்தான் தேடும். ஆனால் மெயில் சர்வரில் `procmail` விதி, நாமே எழுதிய குட்டி ஸ்கிரிப்ட் என்று முன்னால் எதையாவது வைத்திருந்தால் அது டீகோட் செய்யாத ஹெடரைத்தான் பார்க்கும். இன்னொன்று, இப்படி மாற்றிய ஒரு துண்டு 75 எழுத்தைத் தாண்டக்கூடாது. தமிழின் ஒரு யூனிகோட் குறிக்கு பேஸ்64-இல் 4 எழுத்து பிடிக்கிறது, கொம்பும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. ஆக ஒரு துண்டில் 15 குறிதான் அடங்கும். கொஞ்சம் நீளமாகத் தமிழில் எழுதினால் சப்ஜெக்ட் இரண்டு மூன்று துண்டாகும், டேக் பின்னால் இருந்தால் அது நடுவில் உடையலாம். துண்டுகளை எல்லாம் டீகோட் செய்து ஒட்டிய பிறகே தேட வேண்டும்.

எங்கள் சிஸ்டம் இப்போது முதலில் ஹெடரைப் பார்க்கும், அதில் கிடைக்காவிட்டால் சப்ஜெக்ட் டேக். தனி முகவரியை மெஷின் அனுப்பும் எச்சரிக்கை மெயில்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டோம், மெஷினுக்கு முகவரிப் பட்டியல் கிடையாதல்லவா. டேக் பொருந்தினாலும் உடனே ஒட்டுவதில்லை. அனுப்பியவர் அந்த டிக்கெட்டின் சொந்தக்காரரா, காப்பியில் இருப்பவரா, அதே கம்பெனி டொமைனா என்று பார்க்கும். ஜிமெயில் என்றால் டொமைன் ஒத்துப்போவதில் அர்த்தமில்லை, முழு முகவரியும் ஒத்துப்போக வேண்டும். இங்கே பாதிப் பேர் கடை மெயிலில் ஆரம்பித்துவிட்டு ராத்திரி வீட்டிலிருந்து சொந்த ஜிமெயிலில் பதில் போடுவார்கள், அதனால் இந்தச் சோதனையில் நல்ல மெயில்களும் விழத்தான் செய்கின்றன. விழுந்ததைத் தூக்கி எறியாமல் புது டிக்கெட்டாகத் திறந்து, "4417-ஆக இருக்கலாம்" என்று ஒரு குறிப்பு மட்டும் ஒட்டி வைக்கிறது. மேசையில் இருக்கிற தங்கச்சி பார்த்து ஒரே கிளிக்கில் சேர்த்துவிடுவாள். அவளுக்குக் கூடுதல் வேலைதான், முணுமுணுக்கிறாள்தான், ஆனால் தனியாகக் கிடப்பதை எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்த கணக்குப் பட்டியலை எங்களால் திரும்ப வாங்க முடியவில்லை.

எது தப்பிப் போகிறது என்று பார்க்க இரண்டு தேடல்களைச் சேமித்து வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை காலை தே தாரிக்கோடு ஓடவிடுவேன். ஒன்று, `Re:` என்று ஆரம்பிக்கிற சப்ஜெக்டோடு புதுசாகத் திறந்த டிக்கெட்டுகள். இவை ஒட்ட வேண்டியது ஒட்டாமல் போனவை. இன்னொன்று, ஒரே டிக்கெட்டுக்குள் இரண்டு வெவ்வேறு கம்பெனி டொமைனிலிருந்து மெயில் இருப்பவை. இவை ஒட்டக்கூடாதது ஒட்டியிருக்கலாம் என்பவை. முதல் பட்டியலில் எத்தனை வந்தாலும் நான் பதறுவதில்லை. இரண்டாவதில் ஒன்றே ஒன்று தென்பட்டாலும் டீயைக் கீழே வைத்துவிட்டு அதைத்தான் முதலில் திறக்கிறேன்.