கார்ப்பரேட் பஃபர்: பேப்பரில் உண்டு, கேட்டால்தான் வரும்

வேலை மாறப்போகும் நண்பர் ஒருவர், "புது கம்பெனி மெடிக்ளைம்ல பஃபர் இருக்காம், பழைய நோயும் முதல் நாள்லேருந்தே கவராம், நம்பலாமா?" என்று கேட்டார். பஃபர் என்பது, குடும்பத்தின் காப்பீட்டுத் தொகை தீர்ந்த பிறகு கைகொடுக்கக் கம்பெனி மொத்தத்துக்கும் வைத்திருக்கும் பொதுத்தொகை. இரண்டையும் அனுபவித்தவன் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நல்லது. என் மனைவிக்கு இதய வால்வில் பல வருடங்களாகப் பிரச்சினை. தனியாகப் பாலிசி எடுக்கப் போன இடத்தில் எல்லாம், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடக் காத்திருப்பு என்றார்கள். 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ நான்கு வருட உச்சவரம்பை மூன்றாகக் குறைத்த பிறகும் நிலைமை இதுதான். கம்பெனி ஊழியர்களுக்காக எடுத்திருக்கும் குழுப் பாலிசியில் அந்தப் பேச்சே இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த தேதியிலிருந்தே அவருடைய வால்வுக்கும் கவர் உண்டு. சேர்ந்த சில மாதங்களில் வால்வு மாற்று அறுவை சிகிச்சை வந்தது. காப்பீட்டு நிறுவனத்துக்காக க்ளெய்ம்களைக் கவனிக்கும் டிபிஏ நிறுவனத்தார், எப்போதிலிருந்து இந்த நோய் என்று கேட்டார்கள், உள்ளபடி சொன்னோம், கேஷ்லெஸ் வந்துவிட்டது. இதற்கு மட்டும் மனசாரக் கைதட்டுவேன்.

ஆனால் ஒன்று. சேர்ந்தவுடன் எச்ஆர் அனுப்பும் லிங்க்கில், சொன்ன கெடுவுக்குள் மனைவி, பிள்ளைகள் பெயரை ஏற்றியாக வேண்டும். எங்கள் பாலிசியில் கெடு போனால் அடுத்த புதுப்பித்தல் வரை வாசல் மூடிவிடும். புதிதாகக் கல்யாணம் ஆனவருக்கும், பிறந்த குழந்தைக்கும்தான் விலக்கு. பெயர் ஏற்றியதோடும் முடியவில்லை. காப்பீட்டு நிறுவனத்திடம் கம்பெனி கட்டி வைத்திருக்கும் முன்பணத்தில் இருப்பு இருந்தால்தான் பாலிசியில் பெயரைச் சேர்க்கும் எண்டார்ஸ்மெண்ட் போடுவார்கள். இ-கார்டில் மனைவி பெயரைப் பார்க்கும்வரை கவர் இருக்கிறது என்று நினைக்காதீர்கள்.

இப்போது என் எரிச்சலுக்கு வருகிறேன். குடும்பம் மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே காப்பீட்டுத் தொகையான ஃப்ளோட்டர் 3 லட்சம். பில் 5,40,000. கையுறை, பதிவுக் கட்டணம் என்று பொதுவாகப் பாலிசிகள் தராத ஐட்டங்கள் 22,000 போக, மிச்சம் 5,18,000. மூன்று லட்சம் கழிந்தது, நிற்பது 2,18,000. இங்கேதான் பஃபர் கைகொடுக்க வேண்டும். எங்களுடையதில் ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 3 லட்சம். கணக்குப்படி முழுதும் வந்திருக்க வேண்டும் இல்லையா?

டிஸ்சார்ஜ் அன்று டிபிஏ அனுப்பிய ஒப்புதல் கடிதத்தில் 3,00,000 என்று மட்டும் இருந்தது. பஃபர் பற்றி ஒரு வரி இல்லை. ஹெல்ப்லைனில் கேட்டால், "காப்பீட்டுத் தொகை தீர்ந்துவிட்டது சார்." அவ்வளவுதான். பஃபர் தானாகத் திறக்காது. கம்பெனியிலிருந்து, இந்த ஊழியருக்கு இவ்வளவு வரை தரலாம் என்று எச்ஆர் எழுதி அனுப்பினால்தான் டிபிஏ தொகையைக் கூட்டும். அன்று சனிக்கிழமை. எச்ஆர் மேலாளரைத் தேடிப் பிடித்து, மெயில் போகவைத்து, திருத்திய கடிதம் வருவதற்குள் இருட்டிவிட்டது. தையல் போட்ட நெஞ்சோடு மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருக்க, நான் பில்லிங் கவுண்டருக்கும் டிபிஏ டெஸ்க்குக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

வந்த கடிதத்தில் பஃபர் 1,50,000 மட்டும். காரணம், பாலிசி வருடத்தின் நடுவில் சேர்ந்தவர்களுக்குக் குடும்ப வரம்பில் பாதிதான் என்று ஒரு ஷரத்து. ஆக, மிச்சம் 68,000, அதோடு அந்த 22,000, மொத்தம் 90,000 என் கையிலிருந்து. சேரும்போது எங்களுக்குக் காட்டிய ஸ்லைடில் "பஃபர் உண்டு" என்று பெரிதாக இருந்தது. இந்த ஷரத்து இருப்பது எச்ஆரிடம் கிடக்கும் முழுப் பாலிசி ஆவணத்தில்.

நியாயமாகப் பார்த்தால் ஷரத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. பழைய நோயை முதல் நாளே ஏற்கும் பாலிசியில், பெரிய ஆபரேஷனை வைத்துக்கொண்டு வேலைக்குச் சேர்கிறவர்கள் வருவார்கள். பொதுத்தொகையை நாலு குடும்பம் காலி செய்தால் வருடக் கடைசியில் விழுகிறவருக்கு ஒன்றும் மிஞ்சாது. சரி, ஒத்துக்கொள்கிறேன். அதை முதல் நாளே சொல்வதில் என்ன கஷ்டம்?

நண்பருக்குச் சொன்னது இதுதான். "பஃபர் உண்டா?" என்று கேட்காதே, உண்டு என்பார்கள். எந்தெந்த நோய்க்கு, பெற்றோருக்கும் உண்டா, நடுவில் சேர்ந்தவருக்கு எவ்வளவு, இந்த வருடம் இன்னும் எவ்வளவு மிச்சம், விடுமுறை நாளில் யார் மெயில் போடுவார் என்று கேள். பல பாலிசிகளில் தீவிர நோய்களுக்கு மட்டும்தான் தருவார்கள். அறை வாடகை உச்சவரம்பையும் பஃபர் பொதுவாகத் தளர்த்தாது.

மதிப்பெண் கேட்டால், பஃபருக்கு ஐந்துக்கு ஒன்று. ஆனால் போன மாதம் கூடுதல் சம்பளத்தோடு ஒரு வேலை வந்தது, அங்கே பழைய நோய்க்கு ஒரு வருடக் காத்திருப்பு என்றார்கள். போகவில்லை.