போர் தண்ணீருக்கு ஆர்.ஓ., தொட்டித் தண்ணீருக்கு யு.வி., கேண்டில் யாருக்கு?

தாம்பரம் பக்கம் குடிவந்ததும் வீட்டில் முதலில் வாங்க வேண்டியிருந்தது தண்ணீர் சுத்திகரிப்பான்தான். இங்கே எங்களுக்கு போர் தண்ணீர் மட்டுமே. பருப்பு வேக நேரமாகும், சோப்பு நுரைக்காது, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். ஆர்.ஓ. வாங்கினோம். இதே தண்ணீர் உள்ள யார் கேட்டாலும் இன்றும் ஆர்.ஓ.தான் சொல்வேன். ஆனால் கார்ப்பரேஷன் தண்ணீர் வரும் வீட்டுக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

தண்ணீரில் உப்பு அதிகமா, கிருமி இருக்கிறதா என்பவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். கடைக்காரர் பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டரைத் தண்ணீரில் விட்டு எண்ணைக் காட்டுகிறாரே, அது முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில். சாக்கடை கலந்த தொட்டித் தண்ணீரும் 150 என்று அழகாகக் காட்டும். உப்பிலும் அது கால்சியமா சோடியமா என்று மீட்டருக்குத் தெரியாது. கரைந்த உப்பு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை என்கிறது இந்தியக் குடிநீர்த் தரம். அளப்பதானால் மே மாதத்தில் அளந்து பாருங்கள். மழைக்குப் பிறகு போர் தண்ணீரில் உப்பு குறைந்து தெரியும், அதை நம்பி இயந்திரம் வாங்கக் கூடாது.

யு.வி. விளக்கின் கதிர் கிருமியைச் செயலிழக்க வைக்கும், அவ்வளவுதான். உப்பையும் கடினத்தன்மையையும் தொடாது. தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும், ஏனென்றால் கலங்கலில் கிருமி மண் துகளின் நிழலில் ஒளிந்து தப்பிவிடும். ஏரித் தண்ணீரோ ஆற்றுத் தண்ணீரோ குழாயில் வந்து சம்ப்பிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் தங்கும் வீடுகளுக்கு இதுதான் பொருத்தம். அங்கே உப்பு பிரச்சினையே இல்லை, தொட்டியில் சேரும் கிருமிதான் பிரச்சினை. 500க்குக் கீழே டி.டி.எஸ். உள்ள தண்ணீருக்கு ஆர்.ஓ. வேண்டாம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் சொன்னதும் இந்த வீடுகளை மனதில் வைத்துத்தான். யு.வி.யை மட்டும் வைத்து நான் குடும்பம் நடத்தியதில்லை. அண்ணன் வீட்டில் பார்த்ததை வைத்து ஒன்று சொல்கிறேன்: விளக்கு நீலமாக எரிவதைப் பார்த்து அது வேலை செய்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். கிருமியைக் கொல்லும் கதிர் குறைந்த பிறகும் நீல வெளிச்சம் வந்துகொண்டே இருக்கும். அதனால் ஆண்டுக்கு ஒரு முறை விளக்கை மாற்றிவிட வேண்டும். கடினநீரில் இன்னொரு தொல்லை: விளக்கைச் சுற்றியுள்ள கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்பு படிந்து கதிரை மறைத்துவிடும். போர் தண்ணீருக்கு யு.வி. மட்டும் போதாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேண்டில் ஃபில்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அம்மா வீடு கோயம்புத்தூரில், சிறுவாணித் தண்ணீர். உப்பே இல்லாத அந்தத் தண்ணீருக்கு மின்சாரமே கேட்காத அந்தப் பாத்திரம் நன்றாகவே உழைத்தது. பீங்கான் துளைகள் மண்ணையும் பெரும்பாலான பாக்டீரியாவையும் நிறுத்தும், வைரஸை நிறுத்தாது. மழைக்காலத்தில் அந்தத் தண்ணீரையும் கொதிக்க வைத்துக் குடிப்பதுதான் நல்லது. கேண்டிலைச் சோப்பு போடாமல் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். வழக்கத்தைவிட வேகமாகச் சொட்டினால் கேண்டிலில் எங்கோ விரிசல் விட்டிருக்கிறது என்று அர்த்தம், அதை உடனே மாற்ற வேண்டும்.

சவ்வில் இரண்டு வகை உண்டு. யு.எஃப். சவ்வு கிருமியைப் பிடிக்கும், மின்சாரம் வேண்டாம், உப்பை விட்டுவிடும். அடிக்கடி கரண்ட் போகிற ஊரில் தொட்டித் தண்ணீருக்கு யு.வி.க்குப் பதில் இதை வைக்கலாம். உப்பை எடுப்பது ஆர்.ஓ. சவ்வு ஒன்றுதான். போர் தண்ணீர்க்காரருக்கு வேறு போக்கில்லை. ஆனால் அதை எவ்வளவு காலம் ஓட்டலாம் என்பது பராமரிப்பைப் பொறுத்தது. ஆர்.ஓ.வைக் குறை சொல்கிறவர்களில் பலர் உண்மையில் பராமரிப்பைத்தான் குறை சொல்கிறார்கள்.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் போர் தண்ணீர் 1200 காட்டும், சவ்வைத் தாண்டி வருவது 80 அளவில் இருக்கும். 3 லிட்டர் உள்ளே போனால் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக நல்ல தண்ணீர் வரும், மீதி கழிவுக் குழாயில் போகும். உள்ளே போன உப்பில் ஏறத்தாழ எல்லாமே அந்தக் கழிவில்தான் சேர்கிறது, அதனால் கழிவுநீரின் டி.டி.எஸ். 1700 வரை ஏறும். இப்போது தண்ணீரை மிச்சப்படுத்த நினைத்துக் கழிவுக் குழாயை நெருக்கினால் என்ன ஆகும்? பாதிக்கு மேல், 60 சதவீதம் நல்ல தண்ணீராக எடுத்தால் கழிவுப் பக்கம் உப்பு 2900ஐ நெருங்கும். கடினநீரில் அந்த அடர்த்தியில் கால்சியம் சவ்வின் மேலேயே படிந்து இறுகிவிடும். தண்ணீர் மிச்சம், சவ்வு காலி. ஒரு சவ்வின் விலையில் பல கேண்டில் வாங்கலாம். அதனால் கழிவைக் குறைக்காதீர்கள், வாளியில் பிடித்து வீடு துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்துங்கள். செடிக்கு ஊற்றினால் மண்ணில் உப்பு ஏறும்.

சவ்வு போய்விட்டதா என்று மெக்கானிக்கைக் கேட்க வேண்டியதில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அந்த மீட்டரை நீங்களே வாங்கி, மாதம் ஒரு தடவை உள்ளே போவதையும் வெளியே வருவதையும் அளந்து காலண்டரில் குறித்து வையுங்கள். புதிதில் பத்தில் ஒன்பது பங்கு உப்பாவது நிற்கும். எங்கள் 1200க்கு வெளியே 240ஐத் தாண்டினால் ஐந்தில் ஒரு பங்கு கசிகிறது, மாற்றும் நேரம் வந்துவிட்டது. உப்பு ஏறாமல் தண்ணீரின் வேகம் மட்டும் குறைந்தால் முதலில் சவ்வை மாற்றாதீர்கள், முன்னால் இருக்கும் மண் ஃபில்டரைப் பாருங்கள். அது பழுப்பேறி அடைத்திருக்கும். மலிவான அந்த ஃபில்டரை நேரத்துக்கு மாற்றினால் சவ்வின் ஆயுள் நீளும். சம்ப்பில் போர் தண்ணீரோடு குளோரின் போட்ட லாரித் தண்ணீரையும் கலப்பவர்கள் குளோரினை நிறுத்தும் கார்பன் ஃபில்டரை மாற்றுவதையும் தள்ளிப்போடக் கூடாது. குளோரின் ஆர்.ஓ. சவ்வை அரித்துவிடும். அப்போது வேகம் குறையாது, உப்பு மட்டும் மடமடவென்று ஏறும்.

ருசிக்காக ‘டி.டி.எஸ். கன்ட்ரோலர்’ என்று ஒரு திருகு இருக்கும். அது சவ்வைத் தொடாத தண்ணீரைக் கொஞ்சம் நல்ல தண்ணீரில் கலந்துவிடும். எங்கள் கணக்கில் பத்தில் ஒரு பங்கு கலந்தால் 80 என்பது 190 ஆகும், ருசியும் பரவாயில்லை. ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரி மாதிரி தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் உள்ள ஊர்களில் அந்தத் திருகை மூடியே வைக்க வேண்டும், ஏனென்றால் சவ்வு நீக்க வேண்டிய ஃபுளோரைடும் அதே வழியாகத் திரும்பி வரும். ஃபுளோரைடை மீட்டர் காட்டாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டி ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதிக்கக் கொடுங்கள், திருகைத் திறக்கலாமா, எவ்வளவு திறப்பது என்பதை அந்தச் சோதனைத் தாள் வந்த பிறகு முடிவு செய்யலாம்.