எல்3 மட்டத்துச் சிடி படத்தில் தசையின் பரப்பளவை அளத்தல்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

புற்றுநோய்ப் பிரிவில் உணவியல் நிபுணராகப் பணிபுரியும் நான், நோயாளிகளுக்கு ஏற்கெனவே எடுக்கப்பட்ட வயிற்றுச் சிடி ஸ்கேனிலிருந்து எல்3 எனப்படும் மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில் உள்ள தசையின் பரப்பளவை ImageJ என்னும் இலவச மென்பொருளில் நான்கு ஆண்டுகளாக அளந்து வருகிறேன். தசையை அளப்பதற்காக மட்டும் யாருக்கும் புதிதாகச் சிடி எடுக்கச் சொன்னதில்லை. கதிர்வீச்சு ஒரு காரணம், நோயின் நிலையை அறிய எடுத்த படமே கையில் இருப்பது இன்னொரு காரணம். ஊட்டச்சத்துக் குறைபாட்டைக் கண்டறிய 2019இல் வெளியான கிளிம் என்னும் சர்வதேச வரையறையின்படி, எடை இழப்பு, குறைந்த பிஎம்ஐ, குறைந்த தசை ஆகியவற்றில் ஒன்றும், உணவு உட்கொள்வது குறைதல் அல்லது நோயால் வரும் அழற்சி ஆகியவற்றில் ஒன்றும் இருந்தால் ஊட்டச்சத்துக் குறைபாடு என்று முடிவு செய்யலாம். எடையும் பிஎம்ஐயும் பொய் சொல்லும் நோயாளிகளிடம்தான் இந்த அளவு எனக்கு உதவுகிறது.

முதல் தடை மென்பொருளில் இல்லை, படத்தைப் பெறுவதில் இருந்தது. தொடக்கத்தில் ஸ்கேன் பிரிவிலிருந்து எனக்கு ஜேபெக் படம் வந்தது. “மேடம், படம் தெளிவாத்தானே இருக்கு, இது போதாதா?” என்று அங்கிருந்த தம்பி கேட்டதில் தவறில்லை, கண்ணுக்கு அது தெளிவாகவே இருந்தது. ஆனால் ஜேபெக்கில் இருப்பது வெறும் சாம்பல் நிறம்தான். ஒவ்வொரு புள்ளியிலும் திசுவின் அடர்த்தியைச் சொல்லும் ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணும், ஒரு புள்ளி எத்தனை மில்லிமீட்டர் என்ற தகவலும் அதில் இருப்பதில்லை. இரண்டும் ஸ்கேன் படங்களின் மூல வடிவமான டைகாம் கோப்பில்தான் உள்ளன. அதைத் திறந்ததும் ImageJ அளவுகோலைத் தானாகவே எடுத்துக்கொள்கிறது.

அடுத்தது சரியான குறுக்குவெட்டைத் தேர்ந்தெடுப்பது. பக்கவாட்டுத் தோற்றத்தில், இடுப்பு முள்ளெலும்புகளுக்குக் கீழே உள்ள திருவெலும்பிலிருந்து மேல்நோக்கி எண்ணி, எல்3 முள்ளெலும்பின் இருபக்கக் குறுக்கு நீட்சிகளும் முழுமையாகத் தெரியும் படத்தை எடுக்கிறேன். இந்த எண்ணிக்கையில் ஒருமுறை வழுக்கி விழுந்திருக்கிறேன். ஒரு நோயாளிக்கு ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்பு திருவெலும்போடு இணைந்திருந்தது. அதைக் கவனியாமல் கீழிருந்து எண்ணியபோது எல்2ஐ எல்3 என்று எடுத்துவிட்டேன். பிறகு நெஞ்சுப் பகுதியும் சேர்ந்த ஸ்கேனில் பன்னிரண்டாம் விலாவிலிருந்து எண்ணியபோது சரியான எல்3 வந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் தசை மாறியதுபோலத் தோன்றியது; உண்மையில் மாறியது முள்ளெலும்புதான். இப்போது திருவெலும்பின் வடிவத்தில் சிறு ஐயம் எழுந்தாலும் கதிரியக்க மருத்துவரிடம் காட்டாமல் மேலே போவதில்லை.

அளவீட்டின் அடிப்படை எளியது. எலும்புத்தசை −29 முதல் +150 வரையான ஹவுன்ஸ்ஃபீல்டு எண்களுக்குள் அமைகிறது. தசைச்சுவரின் வெளி விளிம்பையும் உள் விளிம்பையும் கையால் வரைந்து, சோயாஸ், முதுகுத்தசைகள், பக்கச் சுவரின் மூன்று அடுக்குகள், முன்புற நேர்தசை ஆகியவற்றை உள்ளடக்கி, அந்த எல்லைக்குள் இந்த எண்வரம்பில் வரும் புள்ளிகளை மட்டும் கணக்கிடச் சொல்கிறேன்:

```
setThreshold(-29, 150);
run("Set Measurements...", "area mean limit redirect=None decimal=2");
run("Measure");
```

விடை சதுர மில்லிமீட்டரில் வரும். நூறால் வகுத்துச் சதுர சென்டிமீட்டராக்கி, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் மீண்டும் வகுத்தால் தசைக் குறியீடு கிடைக்கும். எண்வரம்பு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பியதுதான் என் பெரிய பிழை. முள்ளெலும்பின் உட்பகுதி, அதன் பின்னுள்ள குழாயில் இறங்கும் நரம்புகள், பெருந்தமனி, சிறுநீரகம், குடலில் உள்ள உணவு ஆகிய எல்லாமே இதே வரம்புக்குள் வரக்கூடியவை. எலும்பையும் நாளங்களையும் விலக்குவது எளிது. மெலிந்தவர்களில் பெருங்குடல், கொழுப்பின் இடைவெளியின்றிப் பக்கச் சுவரின்மேல் ஒட்டிக் கிடக்கும். அங்கே மென்பொருள் காட்டும் நிறம் ஒரே திட்டாகிவிடும். கோடு எங்கே போக வேண்டும் என்பதை அடுத்தடுத்த மேல், கீழ்ப் படங்களை நகர்த்திப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்: குடல் இடம் மாறும், சுவர் அங்கேயே நிற்கும்.

அந்தப் பிழை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு ஒரு நோயாளியைச் சொல்கிறேன். ஐம்பதுகளின் பிற்பகுதியில் இருந்த ஆண், இரைப்பைப் புற்றுநோய், உயரம் 164 சென்டிமீட்டர், எடை 66 கிலோ, பிஎம்ஐ 24.5. ஆறு மாதத்தில் இழந்த எடை 2 கிலோதான். கிளிம் கேட்கும் 5 விழுக்காட்டை அது எட்டவில்லை. சாப்பிடும் அளவோ இரண்டு வாரமாகப் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. நான் முதலில் அளந்தபோது 116.4 சதுர சென்டிமீட்டர் வந்தது; குறியீடு 43.3. பிஎம்ஐ 25க்குக் குறைந்த ஆண்களுக்கு 43க்குக் கீழே இருந்தால் தசை குறைவு என்பது கனடா நோயாளிகளை வைத்து 2013இல் வெளியான எல்லை. அதன்படி அவர் தப்பித்துவிட்டார். ஆனால் நெற்றிப்பொட்டுக் குழிந்து, கைப்பிடி வலுவும் குறைந்திருந்தவரை அந்த எண் நலமாக இருப்பவராகக் காட்டியது எனக்கு ஒப்பவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது வலப்பக்கம் ஏறுகுடலின் ஒரு பகுதி தசையோடு சேர்ந்து எண்ணப்பட்டிருந்தது. அதை நீக்கி வரைந்ததில் 111.0 வந்தது, குறியீடு 41.3. குறைபாடு உறுதியானது.

இதில் ஒரு நெருடல் உண்டு. 43 என்ற கோடு வேற்று நாட்டு உடல்வாகில் எழுதப்பட்டது; நம் ஊர் ஆண்களில் நல்ல நலத்தோடு இருப்பவர்களில் சிலரும் அதற்குக் கீழே வரலாம். ஆகவே அந்த எண்ணை மட்டும் வைத்து நான் எழுதவில்லை; உணவுக் குறைவும், உடல் பரிசோதனையும், கைப்பிடி வலுவும் அதே திசையைக் காட்டியதால்தான் எழுதினேன். எல்லையைப் பற்றிய இந்த ஐயம், அதே மனிதரை அவரோடே ஒப்பிடும்போது பெரும்பாலும் விலகிவிடுகிறது. என்னுடைய நீண்ட காலப் பயன்பாட்டில் இதுவே இந்த முறையின் உண்மையான வலிமை.

பத்து வாரம் கழித்து, கீமோவுக்குப் பின் அவருக்கு அடுத்த ஸ்கேன் வந்தது. எடை 65.5 கிலோ, வார்டில் எல்லோரும் நிம்மதியடைந்திருந்தார்கள். அளந்தால் 103.6 சதுர சென்டிமீட்டர்தான் இருந்தது. 7 விழுக்காட்டுக்குச் சற்றே குறைவான இழப்பு. கணுக்காலில் விரல் வைத்து அழுத்தினால் பள்ளம் விழுந்தது. எடையைத் தாங்கி நின்றது நீர். ஒரே படத்தை ஒரு வாரம் விட்டு நானே மீண்டும் அளந்தால் எனக்கு 2 சதுர சென்டிமீட்டர் வரை வேறுபடும் என்பதைப் பலமுறை சோதித்திருக்கிறேன், 7.4 என்பது அந்தக் கைப்பிழைக்கு வெளியே நிற்கிறது. தசையின் சராசரி ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணும் 36இலிருந்து 31ஆக இறங்கியிருந்தது. தசைக்குள் கொழுப்பு ஏறிவிட்டது என்று எழுதக் கை துடித்தது. ஆனால் முதல் ஸ்கேன் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுத்தது, இரண்டாவது அது இல்லாமல் எடுத்தது; மருந்து அந்த எண்ணை உயர்த்திக் காட்டும் என்பதால் அந்த வரியை விட்டுவிட்டேன்.

ஒரு படத்துக்கு முதலில் எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது, இப்போது கால் மணி நேரம் ஆகிறது. மிகப் பருமனானவர்களில் பக்கச் சுவர் படத்தின் விளிம்பில் வெட்டுப்பட்டிருந்தால் அளப்பதில்லை. விடுபட்ட பகுதியை ஊகித்து நிரப்பினால் அந்த எண் அளவீடு ஆகாது. இவரைப் பொறுத்தவரை, இரண்டு அளவுகளையும், கான்ட்ராஸ்ட் வேறுபாட்டையும், கால் வீக்கத்தையும் ஒரே குறிப்பில் எழுதி மருத்துவரிடம் கொடுத்தேன். அடுத்த கீமோ சுற்றுக்கு முன்பே சிறுகுடலுக்குக் குழாய் வைத்து உணவு தொடங்கப்பட்டது.