ஆற்றின் வடிவமா, முகத்துவாரமா: வரைபடக் கேள்விக்கு எதை நம்புவது?

போட்டித் தேர்வுக்குப் படித்தபோது வரைபடக் கேள்விகளுக்கு இரண்டு வழிகளையும் முயன்று பார்த்தேன். முதல் மூன்று மாதம் வண்ண அட்லஸைத் திரும்பத் திரும்பப் பார்த்து ஒவ்வொரு ஆற்றின் வடிவத்தையும் மனதில் பதிய வைத்தேன். பிறகு கடையில் ஒரு கட்டு அவுட்லைன் மேப் வாங்கி, ஆறு கடலில் சேரும் இடத்தில் முதலில் புள்ளி வைத்து, அங்கிருந்து பின்னோக்கி வரையத் தொடங்கினேன். இப்போது இரண்டாவதைத்தான் நம்புகிறேன்.

அட்லஸ் வழி எளிது, வேகமானது. மாநிலங்களுக்கு அதுவே போதும். சத்தீஸ்கரை நிழலிட்டுக் காட்டினால் அந்த நீண்ட, கடல்குதிரை போன்ற உருவத்தை யாரும் தவறவிட மாட்டார்கள். கைப்பேசி வினாடி வினாக்களும் இதே வகைதான், அவற்றைத் தனியாகப் பேச வேண்டியதில்லை.

சிக்கல் ஆறுகளில் வருகிறது. அட்லஸில் நாம் பார்ப்பது நீலக் கோடு, பக்கத்தில் பெயர், சுற்றிலும் ஊர்கள், துணையாறுகள். வினாத்தாளில் இருப்பது உள்ளங்கை அளவுப் படத்தில் ஒரே ஒரு கறுப்புக் கோடு. பெயரும் நிறமும் போனபின் கோதாவரியும் கிருஷ்ணாவும் ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டுமே மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, தக்காணத்தைக் குறுக்கே கடந்து, ஆந்திரக் கடற்கரையில் அருகருகே முடிகின்றன. ஒரு மாதிரித் தேர்வில் நான் கிருஷ்ணாவைக் கோதாவரி என்று குறித்தது இதனால்தான்.

வரைந்து பார்த்தபோதுதான் கடற்கரையே விடை சொல்வது புரிந்தது. சென்னையிலிருந்து வடக்கே விரலை நகர்த்துங்கள். நெல்லூரைத் தாண்டியும் கரை ஏறக்குறைய நேராகவே மேலே போகும். அப்புறம் ஓரிடத்தில் சட்டென்று கிழக்கே திரும்பும். அந்த மூலையை ஒட்டி வெளியே துருத்தி நிற்பது கிருஷ்ணா டெல்டா. அதையும் தாண்டி வடகிழக்கில், காக்கிநாடாவுக்குச் சற்றுக் கீழே இருக்கும் அடுத்த புடைப்பு கோதாவரி டெல்டா. கோடு மூலையில் முடிகிறதா, மூலை தாண்டி முடிகிறதா என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

படம் மிகச் சிறியதாக இருந்து முகத்துவாரம் தெளிவாக இல்லையென்றால் மறுமுனைக்குப் போகலாம். கோதாவரி நாசிக் அருகே திரிம்பகேசுவரத்தில், அதாவது மும்பையின் மட்டத்துக்கு மேலே தொடங்குகிறது. கிருஷ்ணா மும்பைக்குக் கீழே, மகாபலேசுவரத்தில் தொடங்குகிறது. முகத்துவாரங்களுக்கு இடையே தென்வடலாக ஏறக்குறைய ஒரு பாகை வித்தியாசம்தான். பிறப்பிடங்களுக்கு இடையே இரண்டு பாகை. ஆகவே சந்தேகம் வந்தால் மேற்கு முனைதான் தெளிவாகப் பிரித்துக் காட்டும்.

மேற்கே பாயும் நர்மதை, தபதி ஜோடிக்கு முகத்துவாரம் மட்டும் போதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பரூச்சும் சூரத்தும் அவ்வளவு பக்கம். அங்கே நான் கண்டுபிடித்த துணை, டெல்லியிலிருந்து கன்னியாகுமரிக்கு மனதில் இழுக்கும் ஒரு செங்குத்துக் கோடு. தபதி அந்தக் கோட்டைச் சற்றுத் தாண்டி, முல்தாய் அருகிலேயே தொடங்கிவிடுகிறது. நர்மதை கோட்டைக் கடந்து கிழக்கே வெகுதூரம், அமர்கண்டக் வரை போகிறது. நீளத்தில் நர்மதை சுமார் 1,312 கி.மீ., தபதி 724 கி.மீ. வரைபடத்திலும் அந்த வித்தியாசம் கண்ணில் படும். கடகரேகை அச்சிட்டிருந்தால் இன்னும் நல்லது. அந்த ரேகைக்குக் கீழே அதையொட்டி ஓடும் நீண்ட கோடு நர்மதை. அந்த ரேகையையே இரண்டு முறை வெட்டினால் அது மாஹி.

கடலைத் தொடாத கோடுகளில் இந்த வழி தடுமாறும். துங்கபத்திராவை மட்டும் தனியாகக் குறித்துக் காட்டினால் பிடித்துக்கொள்ள முகத்துவாரம் இல்லை. அது சேரும் கிருஷ்ணாவை மனதுக்குள் வரைந்து பார்த்த பிறகே விடை வரும், அதற்கு நேரம் பிடிக்கும். மண் வகை, மழையளவு என்று நிழலிட்ட பகுதிகளுக்கும் வரைதல் எனக்குப் பெரிதாக உதவவில்லை. மகாராஷ்டிரத்தை நிரப்பி, குஜராத்துக்கும் மத்தியப் பிரதேசத்தின் மேற்குக்கும் பரவும் நிழல் கரிசல் மண் என்று அட்லஸைப் பார்த்தே பழகினேன். உலக வரைபடத்தில் நைல், அமேசான் போல ஒரு சில ஆறுகளுக்கு மேல் நான் முயன்றதில்லை, அதனால் அங்கும் இதே வழி என்று பரிந்துரைக்க மாட்டேன்.

இப்போது தங்கைக்கு வாரம் ஒரு வெற்றுத் தாள் கொடுக்கிறேன். அதில் முதலில் மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா, பெண்ணாறு, காவிரி ஆகிய ஐந்தின் முகத்துவாரப் புள்ளிகளைக் கிழக்குக் கரையில் வைப்பாள். புள்ளிகள் சரியாக விழுந்த பிறகுதான் கோடு போடச் சொல்கிறேன்.